நின்றுபோன ஓடையில் 37 லிட்டர்

மேகமலை அடிவாரத்தில் ஒரு ஓடை. அகலம் ஐந்தரை மீட்டர். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அதில் ஓடும் தண்ணீரை அளந்து, அளவுகோலில் மட்டத்தைப் பார்த்தாலே எவ்வளவு ஓடுகிறது என்று சொல்லும் ஒரு வளைகோட்டைத் தயாரிப்பதுதான் என் வேலை. இடத்தைத் தேர்ந்தெடுக்க அரை நாள் ஆனது. அளவுகோலுக்குக் கொஞ்சம் கீழே, ஓடையின் குறுக்கே ஒரு பாறை விளிம்பு இருந்தது. மேலே நிற்கும் தண்ணீரின் மட்டத்தைத் தீர்மானிப்பது அந்த விளிம்புதான். மணல் தரையாக இருந்தால் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மட்டம் மாறும். பாறை அப்படி எளிதில் மாறாது.

அளக்கும் முறை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். கரைக்குக் கரை டேப்பைக் கட்டி, 25 செ.மீ.க்கு ஒருமுறை நின்று, ஆழத்தையும் வேகத்தையும் அளக்க வேண்டும். கிண்ணங்கள் சுழலும் கரண்ட் மீட்டரை, மேலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு இறக்கிப் பிடிப்பேன். அந்த ஆழத்து வேகம் அந்த இடத்தின் சராசரி வேகத்துக்கு நெருக்கமாக இருக்கும். ஆழம் முக்கால் மீட்டரைத் தாண்டினால் பத்தில் இரண்டு, பத்தில் எட்டு என்று இரண்டு இடங்களில் அளந்து சராசரி எடுப்பது வழக்கம்.

ஒரு இடத்தின் கணக்கைச் சொல்கிறேன். ஆழம் 40 செ.மீ., அதனால் மீட்டர் 24 செ.மீ. கீழே. 45 வினாடியில் 30 சுற்று. அந்த மீட்டரின் சமன்பாட்டின்படி வேகம் வினாடிக்கு 0.45 மீட்டர். அகலம் 0.25, ஆழம் 0.40, வேகம் 0.45 மூன்றையும் பெருக்கினால் வினாடிக்கு 45 லிட்டர். இப்படி எல்லாத் துண்டுகளையும் கூட்டியபோது அன்றைக்கு வினாடிக்கு 0.68 கன மீட்டர் வந்தது. எந்த ஒரு துண்டும் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அங்கே இன்னும் நெருக்கமாக அளக்க வேண்டும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அளவுகோலைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். இரண்டு முறையும் 0.50 மீட்டர்.

டிசம்பர் முடிவதற்குள் ஒன்பது அளவுகள் கிடைத்தன. மிகக் குறைந்தது 0.36 மட்டத்தில் 0.22 கன மீட்டர், மிக அதிகம் 0.76 மட்டத்தில் 2.11. இரண்டு அச்சிலும் மடக்கை உள்ள வரைதாளில் புள்ளிகளை வைத்து, அவற்றின் ஊடே நேர்கோடு ஒன்றை இழுத்தேன். நடுப் புள்ளிகள் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றன. 0.50 மட்டத்துக்குக் கோடு 0.60 என்றது, நான் அளந்ததோ 0.68. அளவில் வந்த பிழையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தவறினேன். பிழை என்றால் புள்ளிகள் மேலும் கீழும் சிதறும். இவை எல்லாம் ஒரே பக்கமாக வளைந்திருந்தன.

ஏப்ரலில் மட்டம் 0.20. என் கோடு வினாடிக்கு 37 லிட்டர் என்றது. தினமும் அளவுகோல் பார்க்கும் அண்ணன், "தம்பி, தண்ணி நின்னு நாலு நாளாச்சே" என்றார். போய்ப் பார்த்தேன். பாறைக்கு மேல் பக்கம் குட்டையாகத் தேங்கியிருந்தது, விளிம்பைத் தாண்டி ஒரு சொட்டுப் போகவில்லை.

காரணம் அப்போதுதான் உறைத்தது. அளவுகோலின் பூஜ்யம் வேறு, ஓட்டம் நிற்கும் மட்டம் வேறு. தண்ணீரைத் தள்ளுவது விளிம்புக்கு மேலே இருக்கும் உயரம் மட்டும்தான். அதனால் சமன்பாடு `Q = C (h − a)^b` என்று இருக்க வேண்டும். `Q` ஓடும் தண்ணீரின் அளவு, `h` அளவுகோல் காட்டும் மட்டம், `a` ஓட்டம் நிற்கும் மட்டம். `C`, `b` இரண்டும் அளவுகளிலிருந்து கிடைக்கும் எண்கள். நான் `a`-வைக் கழிக்காமல் விட்டிருந்தேன்.

கையில் இருந்த அளவுகளிலிருந்தே `a`-வைக் கண்டுபிடிக்க வழி உண்டு. 0.22, 2.11 இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 0.68. அதற்கான மட்டம் 0.50. அப்புறம் இந்த மூன்று மட்டங்களையும் இப்படிப் போட வேண்டும்:

```
a = (h1*h3 - h2*h2) / (h1 + h3 - 2*h2)
  = (0.36*0.76 - 0.50*0.50) / (0.36 + 0.76 - 1.00)
  = 0.0236 / 0.12 = 0.197
```

கீழே இருக்கும் எண் சிறியது என்பதால் ஒரு மட்டத்தில் ஒரு செ.மீ. பிசகினாலே விடை நிறைய நகர்ந்துவிடும். ஆகவே இதை மட்டும் நம்பக் கூடாது. விளிம்பின் மிகத் தாழ்ந்த பள்ளத்தை லெவல் கருவி வைத்துப் பார்த்தேன். அளவுகோலில் அது 0.20. இரண்டும் ஒத்துப்போயின. 0.20 கழித்து மறுபடி வரைந்தபோது ஒன்பது புள்ளிகளும் நேர்கோட்டில் வந்து உட்கார்ந்தன: `Q = 6 (h − 0.20)^1.8`. 0.25 மட்டத்துக்குப் பழைய கோடு 73 லிட்டர் சொன்னது, புதியது 27. கோடையில் பாசனத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போடுகிறவருக்கு இந்த வித்தியாசம் வயலில் தெரியும்.

மேல்பக்கம் இன்னும் திறந்தே கிடக்கிறது. கரை மரங்களில் சருகு ஒதுங்கிய தடம் 1.30 மட்டத்தில் இருக்கிறது. அவ்வளவு தண்ணீரில் பாறை விளிம்பு மூழ்கிப்போய், கீழே உள்ள ஓடையின் அகலமும் சரிவுமே மட்டத்தைத் தீர்மானிக்கும். இந்தச் சமன்பாடு அங்கே செல்லாது. 0.76-க்கு மேலே கோட்டைப் புள்ளி புள்ளியாகத்தான் போட்டு வைத்திருக்கிறேன். அந்த வெள்ளத்தில் இறங்கி நிற்கவும் முடியாது. வரும் ஐப்பசிக்குள் பாலத்தின் மேலிருந்து எடைக்குண்டு கட்டி மீட்டரை இறக்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன்.