ஓர் ஈட்டுச் சமோசாவுக்கு 22 நிமிடம்

சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகச் சமோசா செய்து வந்தாலும், அதைப் பொரிக்கும் முறையை நான் சரியாகக் கற்றுக்கொண்டது சென்ற ஆண்டுதான். அதுவரை வடைக்கும் பஜ்ஜிக்கும் காய வைப்பது போலவே எண்ணெயை நன்றாகக் காய வைத்து, சமோசாவைப் போட்டு, ஐந்தாறு நிமிடங்களில் பொன்னிறமானதும் எடுத்துவிடுவேன். பார்வைக்குக் குறை இருக்காது. ஆனால் ஒரு நாள் மாமனார் பாதியைக் கடித்துவிட்டு, "மேல சுடுது, உள்ள ஜில்லுன்னு இருக்கேம்மா" என்றார். மீதியைப் பிட்டுப் பார்த்தபோது நடுவிலிருந்த உருளைக்கிழங்கு, காலையில் மசித்து வைத்தபோது இருந்த நிலையிலேயே இருந்தது; மடிப்பின் உட்புறத்தில் மாவு வேகாமல் வெள்ளையாகப் பிசுபிசுத்தது. தட்டில் மிஞ்சியவை அரை மணி நேரத்தில் பூரி போலத் துவண்டுவிட்டன.

காட்பாடிப் பக்கம் நாங்கள் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில் பலகாரம் போடும் மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர் தம் வாணலியைக் காட்டினார். அதில் முப்பது சமோசாக்கள் ஏறக்குறைய வெள்ளை நிறத்திலேயே மிதந்துகொண்டிருந்தன. எண்ணெயில் பெரிய சலசலப்பு எதுவும் இல்லை. "மாவ உருட்டிப் போட்டா உடனே எழும்பக் கூடாதும்மா. அடியில போயி உட்காந்து, மெதுவா மேல வரணும். அப்பதான் சமோசாவப் போடணும்" என்றார். "எவ்வளவு நேரம் ஆகும்ண்ணே?" என்று கேட்டதற்கு, "அது வேகுற வரைக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பத்தார் திருப்பத்தூரிலிருந்து வருவதாக இருந்ததால், பன்னிரண்டு சமோசாக்களுக்கு மாவு பிசைந்தேன். கால் கிலோ மைதாவுக்கு உப்பும் ஒரு சிட்டிகை ஓமமும் சேர்த்து, நான்கு மேசைக்கரண்டி எண்ணெயை மாவு முழுதும் படும்படி தேய்த்தேன். கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும் என்பதே அளவு. பிறகு அரைக் குவளைக்கும் குறைவான தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வைத்தேன். மெதுவாகப் பொரிப்பதற்கு இந்தக் கெட்டித்தன்மை அவசியம். மாவு தளர்வாக இருந்தால், குறைந்த சூட்டில் நெடுநேரம் கிடக்கும்போது எண்ணெயைக் குடித்துவிடும். வேலூர் வெயிலில் பிசைந்த மாவு தானாகவே இளகும் என்பதால், நான் தண்ணீரை எப்போதும் சற்றுக் குறைத்தே விடுகிறேன். உருளைக்கிழங்கு மசாலாவை முழுவதும் ஆற வைத்துத்தான் உள்ளே வைத்தேன். சூடாக வைத்தால் அதன் ஆவி மாவை உள்ளிருந்தே நனைத்து, ஓரத்தைப் பிரித்துவிடும்.

ஒரு லிட்டர் கடலை எண்ணெயை அடிகனமான வாணலியில் ஊற்றினேன். மகன் கேக் செய்வதற்காக வாங்கி வைத்திருந்த வெப்பமானியையும் எண்ணெயில் வைத்துக்கொண்டேன். கிள்ளிப் போட்ட மாவு அடியில் தங்கி, சிறு குமிழிகளுடன் நிதானமாக மேலே வந்தபோது அது 125 டிகிரி செல்சியஸ் காட்டியது. வடைக்கு நான் காய வைக்கும் எண்ணெய் 180 டிகிரியை ஒட்டி இருக்கும். இத்தனை நாளும் நான் எங்கே தவறினேன் என்பது அப்போதே புரிந்துவிட்டது. ஆறு சமோசாக்களைப் போட்டதும் சூடு 110 டிகிரிக்கு இறங்கியது. அடுப்பைச் சற்றே கூட்டி, மீண்டும் 125 டிகிரிக்குக் கொண்டுவந்து, தீயைச் சிறியதாக்கிவிட்டேன்.

முதல் ஐந்து நிமிடங்கள் பொறுமையைச் சோதிப்பவை. நிறம் மாறாது, கரண்டியை விட்டுக் கிளறவும் கூடாது, ஏனெனில் மாவு இன்னும் இறுகாத நிலையில் முனை உடைந்துவிடும். எட்டாவது நிமிடத்தை ஒட்டி மேற்பரப்பில் எள் அளவிலும் கடுகு அளவிலும் சிறு கொப்புளங்கள் அரும்பத் தொடங்கின. மாவிலுள்ள ஈரம் மெல்ல ஆவியாகி, பிசையும்போது தேய்த்த எண்ணெய் பிரித்து வைத்திருக்கும் அடுக்குகளுக்கிடையே புகுந்து, மேல்தோலை ஆங்காங்கே தூக்குவதால் இவை உண்டாகின்றன. எண்ணெய் மிகச் சூடாக இருந்தால் மேல்தோல் சட்டென்று இறுகிவிடும்; அடியில் சிக்கிய ஆவி ஒரே இடத்தில் திரண்டு, அப்பளம் போலப் பெரிய குமிழை எழுப்பும். அந்தக் குமிழின் மேல்பகுதி மெல்லியதாக இருப்பதால் அதுதான் முதலில் கருகும். ஆகவே கொப்புளம் எழுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. எந்த அளவில், எத்தனை நிமிடம் கழித்து எழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

உள்ளே இருக்கும் மசாலாவுக்கும் இந்த நேரம் தேவை. கனமான மாவையும் கிழங்கையும் தாண்டிச் சூடு நடுவுக்குப் போக வேண்டும். எண்ணெயை எவ்வளவு காய வைத்தாலும் அந்தப் பயணம் பெரிதாகச் சுருங்குவதில்லை, வெளிப்புறம் சிவப்பதுதான் முந்திக்கொள்கிறது. பதினைந்தாவது நிமிடத்தில் ஒரு சமோசாவின் அடியில் மெல்லிய கம்பியைச் செருகி, எடுத்துப் புறங்கையில் வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. இருபதாவது நிமிடத்தில் இன்னொன்றில் செருகிய கம்பி சுருக்கென்று சுட்டது. அதற்குள் நிறம் இளம் பிஸ்கட்டுப் போல வந்திருந்தது. சுற்றிலும் எழுந்த குமிழிகள் குறைந்து, ஜல்லிக்கரண்டியில் ஏந்தினால் கனம் குறைந்தது போல இருந்தது. கடைசி இரண்டு நிமிடங்களுக்குத் தீயைக் கூட்டி, 160 டிகிரியை எட்டவிட்டு, பொன்னிறமானதும் எடுத்தேன். இந்தக் கடைசிச் சூடு நிறத்துக்காக மட்டுமன்று. சூடு குறைந்த எண்ணெயிலிருந்து அப்படியே எடுத்தால் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் வடியாமல் உள்ளே இறங்கிவிடுகிறது.

இரண்டாம் ஈட்டில் தவறினேன். விருந்தினர் வந்துவிட்ட அவசரத்தில், 160 டிகிரியில் இருந்த அதே எண்ணெயில் அடுத்த ஆறையும் போட்டுவிட்டேன். ஒரு நிமிடத்திலேயே கட்டைவிரல் அளவுக் குமிழ்கள் எழுந்தன. தீயை உடனே குறைத்தும் பயனில்லை. இறுகிய தோலை எதுவும் செய்ய முடியவில்லை. அவற்றைத் தனித் தட்டில் வைத்தேன், குழந்தைகள் குமிழை உடைத்து விளையாடினார்கள் என்பது வேறு. இப்போதெல்லாம் ஓர் ஈடு முடிந்ததும் அடுப்பை அணைத்து, கிள்ளிய மாவு மறுபடியும் அடியில் தங்கும் வரை காத்திருக்கிறேன். எண்ணெயின் அளவைப் பொறுத்து பத்து நிமிடங்களுக்கு மேலும் ஆகிறது. அவசரமென்றால் பொரிக்காத எண்ணெய் கொஞ்சம் சேர்த்து ஆற்றிக்கொள்கிறேன்.

சூட்டை ஒரேயடியாகக் குறைத்தாலும் கெடும். ஒருமுறை 100 டிகிரிக்கும் கீழே விட்டுவிட்டேன். சமோசாக்கள் குமிழி ஏதுமின்றி அடியிலேயே கிடந்தன. எடுத்தபோது காகிதத்தில் எண்ணெய் குளமாக வடிந்தது. சமோசாவைச் சுற்றி ஓயாமல் சிறு குமிழிகள் வந்துகொண்டே இருக்க வேண்டும், அதுதான் கீழ் எல்லை.

மெல்லிய பட்டியில் மடிக்கும் வெங்காயச் சமோசாவுக்கு இந்த முறை ஒத்துவராது. அந்தப் பட்டிக்கு மிதமான சூட்டில் நான்கைந்து நிமிடங்களே போதும். கூடுதல் நேரம் போட்டால் எண்ணெய் ஊறிவிடும். கையால் தேய்த்த கனமான மாவுக்குத்தான் 22 நிமிடம். அன்று முதல் ஈட்டில் எடுத்தவற்றில் இரண்டு மறந்துபோய் இரவு வரை மூடியின்றிக் கிடந்தன. மாமனார் ஒன்றை உடைத்தபோது சத்தம் கூடத்தில் இருந்த எனக்குக் கேட்டது.