பில் என்ட்ரி வேலைக்கு ஆள் எடுக்கையில் பயோடேட்டா பிழைகளுக்கு எவ்வளவு மதிப்பெண் கழிக்கலாம்?

கணக்குப் பிரிவில் பில் என்ட்ரி போடவும், சப்ளையருக்குப் பணம் அனுப்பும் முன் சரிபார்க்கவும் ஆள் எடுப்பதைப் பற்றிய குறிப்பு இது. இந்த வேலையில் ஓர் எழுத்து மாறினாலும் உடனே செலவு வைக்கும். என்இஎஃப்டி-யில் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் வரவு வைக்கிறார்கள், பெயரைப் பார்த்து அல்ல. எண் பிசகினால் பணம் வேறு யாருக்காவது போய்ச் சேரும். விற்பனை ரிட்டர்னில் வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணைத் தப்பாகப் போட்டால் அவருக்கு வரவேண்டிய உள்ளீட்டு வரி அவர் பக்கம் தெரியாது. மறுமாதமே போன் வரும். அதனால் பயோடேட்டாவில் பிழை இருந்தால் அப்படியே ஒதுக்கிவிடும் பழக்கம் இந்தத் துறையில் அதிகம். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம், பிறகு மாற்றிக்கொண்டோம்.

இப்போது பயோடேட்டாவை இரண்டு நிறப் பேனாவோடு படிக்கிறோம். எழுத்துப்பிழை, ஃபான்ட் மாற்றம், புள்ளி வரிசை கலைந்திருப்பது போன்றவற்றுக்கு நீலம். தகவலோடு தகவல் மோதும் இடத்துக்குச் சிவப்பு. ஒரு கம்பெனியில் 2021 ஜூன் வரை என்று முதல் பக்கத்திலும், 2021 செப்டம்பர் வரை என்று இரண்டாம் பக்கத்திலும் இருந்தால் அது சிவப்பு. மொத்த அனுபவம் 4 வருடம் என்று மேலே சொல்லிவிட்டு, கீழே கூட்டிப் பார்த்தால் இரண்டரைதான் வருகிறதென்றாலும் சிவப்புதான். பத்து இலக்கம் இருக்கவேண்டிய போன் நம்பரில் ஒன்பதுதான் இருந்தால் அதுவும் அப்படியே.

நீலக் குறிகளில் பாதிக்கு மேல் விண்ணப்பித்தவர் கையில் உண்டானவை அல்ல. பலர் பயோடேட்டாவை பிரவுசிங் சென்டரில் சொல்லி அடிக்க வைக்கிறார்கள். அங்கே முந்தைய ஆளுடைய ஃபைலைத் திறந்து பெயரை மாற்றிக் கொடுப்பது சாதாரணம். வேர்ட் ஃபைலை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் ஃபான்ட் இல்லாமல் புள்ளிகள் கட்டங்களாகிவிடும், வரி ஒடிந்துவிடும். அனுப்பியவர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார். முடிந்தவரை பிடிஎஃப் கேளுங்கள். வேர்டில் வந்திருந்தால் இந்தக் கோளாறுகளைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

பெயரும் ஊரும் இன்னொரு பொறி. இனிஷியல் மார்க்‌ஷீட்டில் முன்னால் இருக்கும், பான் கார்டில் விரிந்து தந்தை பெயராக நிற்கும், பேங்க் பாஸ்புக்கில் பின்னால் போயிருக்கும். மூன்றும் அதே ஆள்தான். திருப்பூருக்கு ஆங்கிலத்தில் ஒரு p-யா இரண்டு p-யா என்பதை வைத்து யாரையும் எடைபோட முடியாது. ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி 2020-இல் தமிழக அரசே ஓர் ஆணை போட்டு, சில நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் ஒரே பக்கத்துக்குள் ஒரே ஊர் இரண்டு விதமாக இருந்தால் சின்னதாய் ஒரு நீலம் போடலாம்.

இன்னொன்றும் உண்டு. தான் எழுதியதைத் தானே சரிபார்க்கும்போது கண் தாளில் உள்ளதைப் படிக்காது, மனதில் இருப்பதைத்தான் படிக்கும். அடுத்தவர் பில்லைச் சரிபார்ப்பது வேறு வேலை. முன்னதில் சறுக்குகிறவர் பின்னதில் கெட்டிக்காரராக இருப்பதைப் பார்த்திருக்கிறோம்.

அதனால் 100-க்கு 10 மதிப்பெண்தான் பயோடேட்டாவின் சுத்தத்துக்கு. நீலம் எத்தனை இருந்தாலும் அதில் 3-க்கு மேல் கழிப்பதில்லை. சிவப்பு ஒவ்வொன்றுக்கும் 3. சிவப்பு இருந்தாலும் அதைக் காட்டி ஒதுக்குவதில்லை, கூப்பிட்டுக் கேட்கிறோம். "இந்த ரெண்டு தேதியையும் ஒருதடவை பாருங்களேன்" என்றால் போதும். "ஆமாங்க சார், ரிலீவிங் லெட்டர்ல ஜூன்தான் இருக்கு, மாத்தி அனுப்பிடுறேன்" என்று ஆவணத்தைத் தொட்டுப் பேசுகிறவர் ஒரு ரகம். "அது டைப்பிங் மிஸ்டேக்" என்று சொல்லிவிட்டு எது சரி என்றே சொல்லாதவர் வேறு ரகம். இந்தப் பேச்சுக்கு 30.

மீதி 60 கைவேலைக்கு. 20 பில்களின் நகலையும், அவற்றைப் பதிந்த ஒரு எக்செல் ஷீட்டையும் கொடுத்து 40 நிமிடம் தருகிறோம். உள்ளே 8 பிழைகளைப் புதைத்திருப்போம். எத்தனை என்று சொல்வதில்லை. பில்களில் உண்மையான சப்ளையர் விவரம் எதுவும் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும்.

பிழைகளை எப்படிப் புதைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பில்லில் சரக்கின் மதிப்பு 25,000, வரி 18 சதவீதம். சிஜிஎஸ்டி 2,250, எஸ்ஜிஎஸ்டி 2,250, மொத்தம் 29,500. ஷீட்டில் எஸ்ஜிஎஸ்டியை மட்டும் 2,205 என்று வைப்போம். இரண்டும் சமமாக இருக்கவேண்டும் என்று தெரிந்தவர் உடனே பிடிப்பார். வித்தியாசம் 45, ஒன்பதால் வகுபடுகிறது, ஆகவே இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று யோசிப்பவர் நல்ல பயிற்சி உள்ளவர். இன்னொன்றில் ஜிஎஸ்டி எண். அதன் 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். அதில் ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. இலக்கம் வரவேண்டிய இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் O என்ற எழுத்தை வைப்போம்.

எங்களுக்கு மிகவும் பிடித்த பிழை வடிவம் சார்ந்தது. ஒரே பில் ஷீட்டில் இரண்டு முறை இருக்கும்:

```
INV/045/24-25
INV-045-24-25
```

எக்செல் இவற்றை வெவ்வேறாகத்தான் எண்ணும், டூப்ளிகேட் வடிகட்டியில் சிக்காது. கண்டுபிடிக்காவிட்டால் சப்ளையருக்கு இரண்டு முறை பணம் போகும். தேதியும் அப்படித்தான். கம்ப்யூட்டர் அமெரிக்க அமைப்பில் இருந்தால் 05/04/2024 என்று அடித்தது மே 4 ஆகிவிடும். 13/04/2024-க்குப் பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் வெறும் எழுத்தாக நின்றுவிடும். ஒரே பத்தியில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டியிருப்பதுதான் அடையாளம். பயோடேட்டாவில் ஃபான்ட் மாறியதற்குக் கழிக்க வேண்டியதில்லை என்று சொன்ன நாங்களே இங்கே வடிவத்துக்கு முழு மதிப்பெண் தருவது இதனால்தான். இங்கே வடிவம் மாறினால் கணக்கு மாறுகிறது.

பிடித்த பிழை ஒன்றுக்கு 7. சரியானதைப் பிழை என்று குறித்தால் 2 கழிக்கிறோம், இல்லையென்றால் எல்லாவற்றிலும் கோடு போட்டுத் தள்ளுகிறவர் ஜெயித்துவிடுவார். எட்டும் பிடித்தால் 56, மிச்சம் 4 குறித்த விதம் தெளிவாக இருந்தால்.

ஓர் உதாரணம். பயோடேட்டாவில் ஆறு எழுத்துப்பிழை, சிவப்பு இல்லை: 7. பேச்சில் 24. ஷீட்டில் 7 பிழை பிடித்து ஒன்றைத் தவறாகக் குறித்தால் 47, தெளிவுக்கு 3. மொத்தம் 81. இன்னொருவரின் பயோடேட்டா அப்பழுக்கில்லாதது: 10. பேச்சில் 25. ஷீட்டில் 4 மட்டும்: 28, தெளிவுக்கு 4. மொத்தம் 67. பயோடேட்டாவை மட்டும் பார்த்திருந்தால் முதலாமவரைக் கூப்பிட்டிருக்கவே மாட்டோம்.

எடிட்டர், ப்ரூஃப் ரீடர் வேலைக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே எழுத்துதான் வேலையே, பயோடேட்டாவே கைவேலையின் மாதிரி. சிலர் கைவேலைத் தாளைச் சந்தைக் கூச்சலுக்கு நடுவே வரவேற்பறையில் வைத்துக் கொடுப்பார்கள். அது பதற்றத்தைத்தான் அளக்கும். தனி மேசை, பெரிய திரை, கால்குலேட்டர் கொடுங்கள். ஷீட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், புதைத்த இடங்கள் வெளியே பரவிவிடும்.