எட்டு வாரப் பத்தியத்தைக் கெடுத்த கோழிச் சுவை மாத்திரை

நாய்க்கு உணவு ஒவ்வாமை இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்காதீர்கள். எங்கள் லாப்ரடார் சீனுவுக்கு அப்படி ஒரு பரிசோதனை செய்து நீளமான பட்டியல் ஒன்றை வாங்கிவந்தோம். அவன் முகர்ந்துகூடப் பார்த்திராத மான் இறைச்சிக்கு ஒவ்வாமை ‘அதிகம்’ என்றும், தினமும் தின்று தினமும் சொறிந்துகொண்டிருந்த கோழிக்கு ‘இல்லை’ என்றும் அதில் இருந்தது. பிறகு பார்த்த தோல் நோய் மருத்துவர் அந்தத் தாளை அப்படியே மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார். ரத்தம், எச்சில், முடி என்று எதை எடுத்தாலும் உணவு ஒவ்வாமையை நம்பும்படி சொல்லும் பரிசோதனை நாய்களுக்கு இல்லையாம். பத்தியம் போட்டுப் பார்ப்பது ஒன்றே வழி என்றார்.

அவருக்கு முதலிலேயே சந்தேகம் வந்ததற்குக் காரணம் இருந்தது. சீனுவின் அரிப்புக்கு மழை, வெயில் என்ற பேதமே கிடையாது. பாதங்களை நக்கி நக்கி முடி செம்பட்டையாகிவிட்டது. காதில் புளித்த வாடை, ஆசனவாயைத் தரையில் தேய்ப்பது, ஒரு நாளைக்கு நாலைந்து முறை மலம். முன்பு போய்க்கொண்டிருந்த இடத்தில் மாதாமாதம் ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்புவார்கள். இரண்டு வாரம் நிம்மதி, மறுபடியும் அதே கதை.

புதிய மருத்துவர் உடனே பத்தியத்தைத் தொடங்கவில்லை. பாதத்திலும் காதிலும் ஒட்டுநாடாவை ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். ஈஸ்ட் கிருமி மண்டிக்கிடந்தது. அது இருக்கும்வரை எந்த உணவைக் கொடுத்தாலும் அரிப்பு நிற்காது என்று சொல்லி, மருந்து ஷாம்பூவும் மாத்திரையும் கொடுத்து அதை அடக்கினார். உண்ணிக்கும் தெள்ளுக்கும் கழுத்தில் விடும் சொட்டு மருந்து கொடுத்தார்.

அடுத்தது, பிறந்ததிலிருந்து அவன் தின்ற அத்தனையையும் எழுதிவரச் சொன்னார். கோழி, முட்டை, தயிர்சாதம், பால், ஆட்டுக்கறி, மீன், சப்பாத்தி என்று பட்டியல் ஒரு பக்கத்துக்கு வந்தது. பத்தியத்தில் இதுவரை தின்னாத ஒரே ஒரு இறைச்சியும் ஒரே ஒரு மாவுப்பொருளும்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால், புரதத்தை நாயின் எதிர்ப்புச் சக்தி அடையாளம் காண முடியாத அளவுக்குச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்த மருத்துவத் தீவனம் கொடுக்கலாம்.

அந்தத் தீவனத்தைத் தேடித்தான் அலைந்தேன். ஒரு கடைக்காரர், “இதுவும் அதுவும் ஒன்றுதான் மேடம், இதில் கோழியே கிடையாது” என்று சொல்லி, ஆட்டுக்குட்டிப் படம் போட்ட மூட்டையைத் தள்ளிவிடப் பார்த்தார். பின்பக்கம் திருப்பினேன். எறும்பளவு எழுத்தில் மூன்றாவது வரியில் கோழிக் கொழுப்பு, ஐந்தாவது வரியில் உலர்ந்த முட்டை. படத்தை நம்பி வாங்குபவர்கள் பாவம். எழுத்தில் இல்லாததுகூட உள்ளே இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். ஒரே இயந்திரத்தில் பலவகைத் தீவனம் ஓடுவதால், சாதாரணக் கடைத் தீவனங்களில் சொல்லாத இறைச்சியும் கலந்துவிடுகிறதாம். அதனால் சோதனைக்கு அவை உதவாது.

மருத்துவத் தீவனம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் முயல் பண்ணை ஒன்றில் கறி வாங்கி, சர்க்கரைவள்ளிக்கிழங்குடன் உப்போ எண்ணெயோ இல்லாமல் தனிப் பாத்திரத்தில் வேகவைத்தோம். வளர்ந்த நாய் என்பதால் சில வாரங்களுக்கு இது போதும் என்றார் மருத்துவர். சுண்ணாம்புச் சத்து உள்ளிட்ட பல சத்துகள் இதில் குறைவு. குட்டிகளுக்கு இந்த வழியே வேண்டாம் என்றும் எச்சரித்தார். பழைய உணவைக் குறைத்துக்கொண்டே வந்து ஒரு வாரத்தில் மாற்றிவிட்டோம். அதில் சிரமம் எதுவும் இல்லை.

சிரமமெல்லாம் தட்டுக்கு வெளியேதான். மாமனாருக்குக் காலைக் காபியுடன் சீனுவுக்கு மாரி பிஸ்கட் கொடுப்பது பல வருடப் பழக்கம். “மாமா, அதில் கோதுமையும் பாலும் இருக்கிறது” என்று சொன்னால், “அரை பிஸ்கட்தானேம்மா” என்பார். அரை பிஸ்கட் போதும், சோதனையே பாழ். காயவைத்த கிழங்குத் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுத்த பிறகுதான் வழிக்கு வந்தார். வாட்ச்மேனுக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கும் தனித்தனியாகச் சொல்லிவைத்தேன்.

தினமும் இரவு அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று காலண்டரில் எழுதினோம். எட்டில் தொடங்கியது. முதல் சில வாரங்களுக்கு மட்டும் அரிப்பு மாத்திரை இருந்தது. அதை நிறுத்திய பிறகும் எண் மூன்றுக்கு இறங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாத்திரை நின்ற பிறகு வரும் எண்தான் உணவின் வேலையைச் சொல்கிறது.

அந்தச் சமயத்தில்தான் தடுப்பூசிக்காக வேறொரு கிளினிக்குக்குப் போனோம். பத்தியம் என்று வாசலிலேயே சொன்னேன். ஊசி போட்ட கையோடு உதவியாளர், “பூச்சி மாத்திரையும் கொடுத்துவிடுகிறேன்” என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஒன்றை ஊட்டிவிட்டார். சீனு ஆவலாக மென்றபோதே எனக்குச் சுருக்கென்றது. அட்டையை வாங்கிப் பார்த்தால் ‘கோழிச் சுவை’. கேட்டால், “சுவைதானே, கறியா என்ன?” என்று சிரிக்கிறார். சுவைக்குச் செயற்கைப் பொருளும் சேர்ப்பார்கள், ஈரல் தூளும் சேர்ப்பார்கள். எது என்று அந்த அட்டையில் இல்லை. இரண்டாம் நாள் மறுபடி பாதத்தை நக்கத் தொடங்கினான், எண் ஏழுக்கு ஏறியது. மருத்துவர் தயங்காமல், அடங்கியதும் முதலிலிருந்து எண்ணுங்கள் என்றார்.

குறைந்தது 8 வாரம் என்று அவர் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் பத்துக்கு ஒன்பது அதற்குள் தேறிவிடும். நாலு வாரத்தில் கைவிட்டால், உண்மையிலேயே ஒவ்வாமை உள்ள பல நாய்களை ‘இல்லை’ என்று ஒதுக்கிவிடுவோம். முழு 8 வாரமும் ஒழுங்காக இருந்து எந்த மாற்றமும் இல்லையென்றால், தூசிப்பூச்சி போன்ற சூழல் ஒவ்வாமையைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சுற்றில் எண் இரண்டுக்கு வந்து நின்றது. இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவரோ பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுக்கச் சொன்னார். வீட்டில் எல்லோரும் என்னை முறைத்தார்கள். ஆனால் அரிப்பு திரும்பி வந்தால்தான் உணவுதான் காரணம் என்று உறுதியாகும். இரண்டு வாரம் கொடுத்தும் வராவிட்டால், ஷாம்பூவோ வேறு ஏதோதான் குணப்படுத்தியிருக்கிறது என்று பொருள். சீனுவுக்கு மூன்றாம் நாளே வந்துவிட்டது. மறுபடி முயல், கிழங்கு. அடங்கியதும் ஒவ்வொரு பொருளாக, அதிகபட்சம் இரண்டு வாரம் வீதம் சேர்த்துப் பார்த்தோம். முட்டை, கோதுமை, தயிர் எல்லாம் தப்பித்தன. கோழி மட்டும் மாட்டிக்கொண்டது. நெருங்கிய இனம் என்பதால் வாத்தும் வேண்டாம் என்றார்.

இப்போது சத்துக் கணக்குப் பார்த்து மருத்துவர் எழுதிக் கொடுத்த சாப்பாடு ஓடுகிறது. மாமனாரின் பிஸ்கட்டும் திரும்பிவிட்டது. தடுப்பூசிப் புத்தகத்தின் அட்டையில் ‘கோழிச் சுவை மருந்து கூடாது’ என்று சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருக்கிறேன். போன மாதம் அதே உதவியாளர் அதைப் படித்துவிட்டு, அலமாரியில் துழாவி, சுவையில்லாத சாதாரண மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்.