செத்தவங்க பேசப்படாது

மலர்க் குழுவினர் கல்லூரி விளையாட்டு நினைவுகளை எழுதக் கேட்டார்கள். கபடி அணியைப் பற்றியும் வாலிபால் அணியைப் பற்றியும் எழுத நம் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது கம்ப்யூட்டர் லேபில் நடந்த ஆட்டத்தைப் பற்றி. 2009-ல் கேமிங் கிளப் தொடங்கியபோது கோபி அக்கா பேசிய பேச்சு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து போன இறுதியாண்டு மாணவி. நாங்கள் வைத்த பெயர்தான் அது.

அப்போது விடுதிப் பையன்கள் ஆடியதெல்லாம் இரண்டு அணிகள் துப்பாக்கியால் சுட்டுக்கொள்ளும் கவுண்டர் ஸ்டிரைக் 1.6. அணிக்கு ஐந்து பேர், களம் de_dust2 என்ற மேப். புதிதாக வருகிறவர்கள் ஒரு நாள் ஆடுவார்கள், மறுநாள் வர மாட்டார்கள். ஏன் வருவதில்லை என்பதிலிருந்தே அக்கா பேச்சைத் தொடங்கினார்.

"வாங்க தம்பிங்களா, வாங்க பாப்பா. கீபோர்டுல எந்தக் கட்டை எங்கிருக்குதுன்னு தெரியாதவங்களும் இங்க உக்காரலாமுங்க. புதுசா வந்தவங்க தோத்தா கோவிச்சுக்க மாட்டாங்க. இருபது செகண்டுல செத்துப்போட்டு, மீதி நேரம் பூரா அடுத்தவன் ஆடறதை வேடிக்கை பாத்துட்டு உக்காரோணும் பாருங்க, அதுலதான் வெறுத்துப் போறாங்க."

விஷயம் அதேதான். அந்த ஆட்டத்தில் செத்தால் அந்த ரவுண்டு முடியும்வரை எழ முடியாது. ரவுண்டுக்கு வழக்கமான நேரம் ஐந்து நிமிடம். மூத்தவர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையில் பதுங்கிக்கொண்டால் மற்ற எட்டுப் பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதனால் சனிக்கிழமை மதியம், புதியவர்கள் ஆடும் வேளைக்கு மட்டும், சர்வரில் இரண்டு வரியை மாற்றிவிட்டதாகச் சொல்லி போர்டிலும் எழுதிக் காட்டினார்:

```
mp_roundtime 2
mp_friendlyfire 0
```

முதல் வரி ரவுண்டை இரண்டு நிமிடமாக்கும். இரண்டாவது வரி இருந்தால் நம் குண்டு நம் ஆளைக் கொல்லாது. ஆனால் கண்ணைக் கூசவைக்கும் ஃபிளாஷ் குண்டு அப்போதும் சொந்த அணியையும் குருடாக்கும். ஆகவே அதை எறியும் முன் "ஃபிளாஷ்" என்று சத்தம் போட்டாக வேண்டும் என்று ஒரு விதி வந்தது.

அடுத்தது, ஆட்டத்துக்குள் ஆயுதம் வாங்கக் கிடைக்கும் காசு. இதைத்தான் அக்கா நீளமாகப் பேசினார், எங்களில் பாதிப் பேருக்கு அன்றுதான் அது விளங்கியது. ஆட்டம் தொடங்கும்போது கையில் 800 டாலர். முதல் ரவுண்டில் அதைச் செலவழித்துத் தோற்றால் 1400 வரும். உடனே 650-க்குக் கவசமும் 650-க்கு ஒரு நல்ல கைத்துப்பாக்கியும் வாங்கினால் மிச்சம் 100. திரும்பவும் தோற்றால் 1900 வரும், ஆக மொத்தம் 2000. ஏகே 47-ன் விலை 2500. மூன்றாவது ரவுண்டிலும் கைத்துப்பாக்கிதான். மாறாக, இரண்டாவது ரவுண்டில் எதுவுமே வாங்காமல் தோற்றால் 1400-உம் 1900-உம் சேர்ந்து 3300. ஏகே, கவசம் இரண்டும் வாங்கி 150 மிஞ்சும்.

"ஆனா ஒருத்தன் மட்டும் மிச்சம் புடிச்சுப் பிரயோசனம் இல்லீங்க. வாங்கினா அஞ்சு பேரும் ஒட்டுக்கா வாங்கோணும், இல்லீன்னா ஒட்டுக்கா சும்மா இருக்கோணும். அதைச் சொல்லித்தர வேண்டியது அந்த அணியில இருக்கற சீனியரோட வேலை. 'ஏன்டா வாங்கினே'ன்னு கத்தறது வேலை இல்லை."

பின்வரிசையில் இருந்த சீனியர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கத்துவதில் பேர்போனவர்கள் அவர்கள்!

பாதி ஆட்டத்தில் அணிகள் பக்கம் மாற வேண்டும் என்பதை மட்டும் அக்கா விளக்கவில்லை. "ஆடுபுலி ஆட்டத்துல ஒருக்கா புலி, ஒருக்கா ஆடு வெக்கறதில்லையா, அதாட்டந்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது போதும்.

கடைசியாகச் சொன்ன விதிக்குத்தான் லேபே சிரித்தது. "செத்தவங்க பேசப்படாது." ஒரே அறையில் பத்துப் பேரும் உட்கார்ந்து ஆடும்போது, செத்தவன் பக்கத்துத் திரையை எட்டிப் பார்த்து "டேய், பெட்டிக்குப் பின்னாடி நிக்கறான்" என்று கூவினால் ஆட்டமே கெட்டுவிடும். பதுங்கியிருப்பவன் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறான். கூவல் நடுவே ஹெட்போனில் அது கேட்காது. மீறுகிறவர் அடுத்த ஒரு மேட்ச் எழுந்து நின்று, புதிதாக வந்த ஒருவருக்குத் தன் இடத்தைத் தர வேண்டும்.

இந்தத் தண்டனையை நான் அப்போதே ரசித்தேன். வாய் அடங்காதவர்கள் பெரும்பாலும் நன்றாக ஆடுகிறவர்கள். அவர்கள் எழுந்ததால்தான் என்னைப் போன்ற முதலாண்டுக்காரர்களுக்கு நாற்காலி கிடைத்தது. முதல் சனிக்கிழமையே எனக்கு இடம் கொடுத்து எழுந்தவர் கோபி அக்காதான்.