தொட்டிப் படத்தைப் பார்த்து நீர்மட்டத்தைச் சொல்வது எப்படி: தேர்வுக்குப் படித்தபோது பிடிபட்டவை

ஒரு இருப்பையும் அதில் வந்து சேர்வதையும் வெளியேறுவதையும் காட்டும் ஸ்டாக் அண்ட் ஃப்ளோ படம் வரும் கேள்விகளில் படத்தை வரையச் சொல்வது சுலபமான பகுதிதான். படத்தையும் ஓட்டத்தின் வரைபடத்தையும் கையில் கொடுத்து "இத்தனை நிமிடம் கழித்து மட்டம் எங்கே இருக்கும், எப்போது உச்சம் தொடும்" என்று கேட்கும் பகுதியில்தான் மதிப்பெண் போகும். அதற்கு நான் பழகிக்கொண்ட முறையை ஒரு தொட்டிக் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

முதலில் படத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். செவ்வகப் பெட்டிதான் இருப்பு: தொட்டியில் உள்ள நீர், கணக்கில் உள்ள பணம். பெட்டிக்குள் போகும் தடித்த குழாய் உள்வரவு, வெளியே போவது வெளியேற்றம், இரண்டிலும் ஒவ்வொரு வால்வு. குழாயின் மறுமுனையில் மேகம் வரைந்திருந்தால், அந்த நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது இந்தக் கணக்குக்கு வேண்டாம் என்று பொருள். மெல்லிய அம்பு என்பது தகவல் மட்டும், அதன் வழியே ஒரு சொட்டு நீரும் போகாது. பெட்டியின் அளவை மாற்றக்கூடியவை தடித்த குழாய்கள் மட்டுமே. அலகைப் பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும், பெட்டிக்கு லிட்டர், வால்வுக்கு நிமிடத்துக்கு இத்தனை லிட்டர்.

சரி, கணக்குக்கு வருவோம். தொட்டியில் ஆரம்பத்தில் 200 லிட்டர். வெளியேற்றம் மாறாமல் நிமிடத்துக்கு 20 லிட்டர். உள்வரவு நிமிடத்துக்கு 40 லிட்டரில் தொடங்கி நேர்கோடாகக் குறைந்து 20ஆவது நிமிடத்தில் பூஜ்யம் ஆகிறது, அதாவது 40 − 2t. கேள்வி: மட்டம் எப்போது உச்சம், எவ்வளவு?

உள்வரவுக் கோடு முதல் நொடியிலிருந்தே இறங்குவதைப் பார்த்ததும் மட்டமும் இறங்குகிறது என்று எழுதக் கை பரபரக்கும். இது மாணவர்களின் சோம்பேறித்தனம் இல்லை, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான் ஸ்டெர்மனும் லிண்டா பூத் ஸ்வீனியும் இதே மாதிரியான எளிய தொட்டிக் கேள்விகளை அங்குள்ள மாணவர்களுக்கே கொடுத்துப் பார்த்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல கணிதப் பின்னணி உள்ளவர்களிலும் பலர் ஓட்டத்தின் வடிவத்தையே மட்டத்தின் வடிவமாக வரைந்திருந்தார்கள்.

இதற்கு நான் செய்வது இதுதான். உள்வரவுக் கோட்டைத் தனியாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதே கட்டத்தில் வெளியேற்றக் கோட்டையும் பென்சிலால் போட்டுவிடுவேன். இங்கே 20இல் ஒரு படுக்கைக் கோடு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் நிகர ஓட்டம். உள்வரவு மேலே இருக்கும்வரை, அது எவ்வளவு வேகமாகக் குறைந்துகொண்டிருந்தாலும், தொட்டி நிறைந்துகொண்டேதான் இருக்கும். இரண்டு கோடும் வெட்டும் இடம் 10ஆவது நிமிடம், உச்சம் அங்கேதான். அதுவரை இடைவெளி ஒரு முக்கோணம்: உயரம் 20, அடி 10, பரப்பு 100. ஆகவே உச்ச மட்டம் 300 லிட்டர். அதற்குப் பிறகு தலைகீழாக அதே அளவு முக்கோணம், எனவே 20ஆவது நிமிடத்தில் மறுபடி 200. கவனியுங்கள், உள்வரவு சுத்தமாக நின்றுபோன அந்த நிமிடத்திலும் மட்டம் தொடங்கிய அதே இடத்தில்தான் இருக்கிறது.

வரைபடத்தில் 10ஆவது நிமிடத்துக்கு நேரே ஒரு செங்குத்துக் கோடு இழுத்து, அதன் இடப்பக்கம் "+100", வலப்பக்கம் "−100" என்று எழுதிவிட்டால் திருத்துபவருக்கும் வழி தெரியும், நமக்கும் பிசகாது. மட்டத்தின் வளைவை வரையச் சொன்னால், நிகர ஓட்டம் பெரிதாக இருக்கும் ஆரம்பத்தில் செங்குத்தாகவும் உச்சத்துக்குப் பக்கத்தில் தட்டையாகவும் வரவேண்டும். கூரையின் முகடு மாதிரி கூராக வரைந்தால் தவறு.

இதுவரை எல்லாம் பரப்பளவுக் கணக்குதான். பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய அம்பு கிளம்பி வால்வுக்குப் போனால் ஆட்டமே மாறிவிடும். இப்போது அதே தொட்டி, அதே 200 லிட்டர், உள்வரவு மாறாத 40. ஆனால் வெளியேற்றம் நிமிடத்துக்கு மட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. இப்படிப்பட்ட கேள்வியில் நிமிடம் நிமிடமாகக் கூட்டத் தொடங்குவதற்கு முன், எந்த மட்டத்தில் இரண்டும் சமம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளியேற்றமும் 40 ஆக வேண்டுமென்றால் தொட்டியில் 400 இருக்க வேண்டும், எனவே மட்டம் போய்ச் சேரும் இடம் அது. அப்புறம் படிப்படியாகப் போடலாம்: 200, 220, 238, 254.2. இதில் மட்டத்தைவிட 400க்கு உள்ள குறையைப் பார்ப்பது லாபம். 200, 180, 162, 145.8 என்று ஒவ்வொரு நிமிடமும் அதில் பத்தில் ஒரு பங்கு கழிகிறது. ஆக வேகமாக ஏறித் தொடங்கி, போகப்போகத் தளர்ந்து 400ஐ நெருங்கும் வளைவு. 400ஐத் தாண்டி ஏறிவிட்டுத் திரும்பி வருவதாக வரையக் கூடாது, ஒரே பெட்டி, தாமதம் எதுவும் இல்லாத படத்தில் அதற்கு வழியே இல்லை.

சேமிப்புக் கணக்கில் அம்பு உள்வரவு வால்வுக்குப் போகும், ஏனென்றால் வட்டி இருப்பைப் பொறுத்தது. மாதம் 1 சதவீத வட்டி, மாதம் 150 எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சமநிலை 15,000இல், அங்கே வட்டியும் 150. இங்கேயும் சமநிலை கண்டுபிடித்தாயிற்று, இருப்பு அங்கே போய்ச் சேரும் என்று தொட்டி ஞாபகத்தில் எழுதிவிடக் கூடாது. 16,000 இருந்தால் வட்டி 160, இருப்பு 10 கூடும், அடுத்த மாதம் இன்னும் சற்று அதிகமாகக் கூடும். 10,000 இருந்தால் வட்டி 100, இருப்பு 50 குறையும், அடுத்த மாதம் 50.50 குறையும். 15,000 இருப்பை இழுப்பதில்லை, இரண்டு பக்கமும் தள்ளிவிடுகிறது. தொட்டியிலும் கணக்கிலும் ஒரே மாதிரி பெட்டி, ஒரே மாதிரி குழாய். அம்பு எந்த வால்வில் முடிகிறது என்பது மட்டும்தான் வேறு. அதனால்தான் எண்களைத் தொடுவதற்கு முன்பே அம்பின் முனையை வட்டமிட்டுவிடுவது நல்லது என்கிறேன்.

படிப்படியாகக் கூட்டும்போது ஒரு தொல்லை உண்டு. நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று அந்த இரண்டாவது தொட்டியில் ஒரு படிக்கு 20 நிமிடம் எடுத்தால், 200இல் நிகர ஓட்டம் 20, அதை 20 நிமிடத்தால் பெருக்கினால் 400 கூடி 600. அங்கே வெளியேற்றம் 60, நிகரம் −20, எனவே மறுபடி 200. இப்படியே 600க்கும் 200க்கும் நடுவே என்றைக்கும் அல்லாடும். இந்த ஊசலாட்டம் தொட்டியில் கிடையாது, நாம் எடுத்த படியின் அளவில் இருக்கிறது. விடை இப்படிக் குதித்தால் படியைப் பாதியாக்கி மறுபடி போட்டுப் பாருங்கள், விடை கணிசமாக மாறினால் படி இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது.