முதலாண்டு மாணவர்களிடம் பேசப் போகும் சீனியருக்கு

மூன்றாம் ஆண்டு படிக்கும்போது முதல் தடவையாக என்னை ஓரியண்டேஷன் மேடையில் ஏற்றினார்கள். எதிரே அறுபது பேர். "பயப்படாதீங்க, போகப் போக எல்லாம் பழகிடும், நாங்க இருக்கோம்" என்ற ரீதியில் பத்து நிமிடம் பேசினேன். நன்றாகவே கைதட்டினார்கள். கீழே இறங்கியதும் ஒரு மாணவி பின்னாலேயே வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "அக்கா, முதல் இன்டர்னல்ல ஃபெயிலானா வருஷமே போயிடுமா?" என்றாள். எங்கள் துறையில் மூன்று இன்டர்னலில் மதிப்பெண் கூடுதலாக வந்த இரண்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதைச் சொன்னேன். அவள் தோள் இறங்கியது கண்ணுக்குத் தெரிந்தது.

அன்று இரவு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு விதியை மேடையில் சொல்லியிருந்தால் அவளைப் போல எத்தனை பேர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள்? நான் சொன்ன "பயப்படாதீங்க" யாருக்கும் உதவவில்லை. பயம் இல்லாதவர்களுக்கு அது தங்களைச் சின்னப் பிள்ளையாக நடத்துவதுபோல இருந்திருக்கும். பயத்தோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கோ, அது தங்கள் முகத்திலேயே தெரிகிறதோ என்ற கூச்சம்தான் கூடியிருக்கும்.

அடுத்த ஆண்டும் பேசக் கூப்பிட்டார்கள். இந்த முறை பேச்சை மூன்றாம் நாளுக்குத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, முதல் நாளே எல்லோருக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். "உங்கள் பயம் என்ன?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பாதிப் பேர் "ஒன்றுமில்லை" என்றுதான் எழுதுவார்கள். "யாரிடம் கேட்பது என்று தெரியாத ஒரு கேள்வியை எழுதுங்கள். கேள்வி இல்லையென்றால் வரும் வழியில் பார்த்த ஏதாவது ஒன்றைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். பெயர் வேண்டாம்" என்றேன். அந்த இரண்டாவது வாக்கியம் முக்கியம். அது இருந்ததால் எல்லாப் பேனாவும் ஓடியது. யார் கேள்வி எழுதுகிறார்கள், யார் எழுதவில்லை என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவில்லை.

சீட்டுகளைப் பிரித்து அடுக்கியபோது நான் நினைத்திருந்தவை அவற்றில் குறைவாகத்தான் இருந்தன. பாடம் கடினமா என்று கேட்டவர்கள் சிலர்தான். நிறைய கேள்விகள் மிகச் சின்னவை: வகுப்புக்குத் தாமதமானால் கதவைத் தட்டலாமா, பேராசிரியர் அறைக்கு எப்போது போகலாம், போய் என்ன சொல்லி ஆரம்பிப்பது, மதியம் யாரோடு உட்காருவது. ஒரு சீட்டில், "எல்லாரும் ஏற்கனவே நண்பர்கள் மாதிரி இருக்காங்க. எப்போ பழகினாங்க?" என்று இருந்தது. அதே பொருளில் ஒன்பது சீட்டு. ஒன்பது பேரும் தனித்தனியாக, தான் மட்டும் வெளியே நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த ஒன்பதையும் மேடையில் ஒன்றன் பின் ஒன்றாக வாசித்தேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நான்காவது சீட்டிலேயே அரங்கில் சிரிப்பு எழுந்தது, பலர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்கள் தனியாக இல்லை" என்று நான் சொல்வதைவிட, அவர்கள் எழுதியதையே அவர்களுக்கு வாசித்துக் காட்டுவது எவ்வளவோ மேல்.

பிறகு என் கதை. இதில்தான் சீனியர்கள் அதிகம் தவறுவார்கள் என்று நினைக்கிறேன். "நானும் ஃபெயிலானேன், இப்போ முதல் ரேங்க்" என்று முடிகிற கதை கேட்கிறவரைத் தள்ளித்தான் வைக்கும். நான் சொன்னது இது: முதல் இன்டர்னலில் 50க்கு 17. நான்கு நாள் அந்தத் தாளைப் பையைவிட்டு வெளியே எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் ஆசிரியரிடம் போய், "மூன்றாம் கேள்வியில் எந்த வரியிலிருந்து தப்பாகிறது என்று காட்டுவீர்களா?" என்று கேட்டேன். அவர் பேனாவை ஒரு வரியில் வைத்தார். முறை தெரிந்திருந்தும், கேள்வி எதைக் கேட்கிறது என்று எழுதிக்கொள்ளாமலேயே கணக்கில் இறங்கியிருந்தேன். இரண்டாவது இன்டர்னலில் 29, மூன்றாவதில் 31. அவ்வளவுதான். 29 என்பது பெரிய மதிப்பெண் இல்லை. ஆனால் ஒன்றரை மாதத்தில் தனக்கும் முடியும் என்று முன்வரிசையில் இருப்பவர் நம்பக்கூடிய எண் அது. ஆசிரியரிடம் நான் கேட்ட வாக்கியத்தை அப்படியே சொன்னதும் பலர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். தைரியமாகப் போய்க் கேளுங்கள் என்றால் யாரும் போவதில்லை. போய் என்ன கேட்பது என்று வாக்கியத்தைக் கையில் கொடுத்தால் போகிறார்கள்.

கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பக்கத்தில் வருகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதலாண்டு மாணவர்களுக்கு மூத்த மாணவர்களின் அனுபவங்களை வாசிக்கக் கொடுத்தார்கள். இந்த இடம் நமக்கானதுதானா என்ற சந்தேகம் ஆரம்பத்தில் பலருக்கும் இருந்தது, நாளாக ஆகக் குறைந்தது என்பதே அவற்றின் சாரம். வாசித்தவர்கள் அதைத் தங்கள் அனுபவத்தோடு இணைத்து எழுதி, அடுத்து வரப்போகும் மாணவர்களுக்காகக் கேமரா முன் பேசினார்கள். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் போல. அதில் கலந்துகொண்ட கறுப்பின மாணவர்களின் மதிப்பெண், கலந்துகொள்ளாத அதே பிரிவு மாணவர்களைவிட அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தது. என்னை ஈர்த்தது அந்தக் கேமராதான். உனக்கு உதவி தேவை என்று யாரிடமும் சொல்லவில்லை. அடுத்தவருக்கு உதவச் சொன்னார்கள்.

22 கல்வி நிறுவனங்களில் நடந்து 2023இல் வெளியான பெரிய ஆய்வு இதன் எல்லையையும் காட்டியது. மாணவர் ஒன்றிக் கலக்க அந்த நிறுவனத்தில் உண்மையிலேயே வாய்ப்பு இருந்தால்தான் இத்தகைய பயிற்சி பலன் தருகிறது. ஆகவே, பேராசிரியர் அறைக் கதவு திறந்திருக்கும் என்று மேடையில் சொல்வதற்கு முன், அது உண்மையிலேயே திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நான் இரண்டு பேராசிரியர்களிடம் நேரம் கேட்டு எழுதிக்கொண்டு, அந்த நேரத்தை மட்டும்தான் சொன்னேன்.

இன்னொரு சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். "மூணு நாளா தூக்கமே இல்ல" என்று மட்டும் இருந்தது. அதை நான் வாசிக்கவில்லை, கையெழுத்தை வைத்து ஆளைத் தேடவும் இல்லை. நூலக நேரத்தைச் சொன்ன அதே குரலில், ஆலோசகர் எந்த மாடியில் எந்த அறையில் இருக்கிறார், எத்தனை மணி வரை இருப்பார், முன்பதிவு வேண்டுமா என்பதை எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னேன். சீட்டு எழுதியவர் போனாரா என்று எனக்குத் தெரியாது. அந்தச் சீட்டை ஆலோசகரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இப்படி ஒருவர் இருக்கிறார் என்று அவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

கடைசி ஐந்து நிமிடம் நான் பேசவில்லை. இரண்டாவது சீட்டு ஒன்று கொடுத்து, "இந்த மூன்று நாளில் கண்டுபிடித்த ஒன்றை, அடுத்த வருஷம் உங்கள் இடத்தில் உட்காரப்போகிறவருக்கு எழுதுங்கள்" என்றேன். ஒருவர் எழுதியிருந்தார்: "பின்வாசல் வழியா வந்தா லேபுக்கு ரெண்டு நிமிஷம் மிச்சம். தாமதமானா தட்டவேண்டாம், மெதுவா உள்ளே வந்துடலாம், நான் வந்தேன்." நான்கு ஆண்டு அங்கே இருந்தும் அந்தப் பின்வாசல் எனக்குத் தெரியாது. சீட்டுகளை ஒரு உறையில் போட்டு அடுத்த ஆண்டு பேசப்போகும் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன்.