குறையாமல் ஏறிய ஆயில்

மூன்று மாதமாக என் டீசல் வண்டியின் டிப்ஸ்டிக்கில் எஞ்சின் ஆயில் குறையவில்லை, ஏறுகிறது! நேற்று மேல் கோட்டையும் தாண்டிவிட்டது. முகர்ந்தால் டீசல் வாடை.

தங்கச்சிமடத்திலிருந்து பக்கத்திலிருக்கும் பாம்பனுக்கு மீன் வாங்கப் போவதுதான் என் வண்டிக்கு வேலை. புகைபோக்கி ஃபில்டரில் சேரும் கரியை எரிக்க, எஞ்சின் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சும். எரிந்து முடிவதற்குள் நான் வாசலில் அணைத்துவிடுகிறேன். அடுத்த முறை மறுபடி பீய்ச்சும். சிலிண்டர் சுவரில் ஒட்டும் டீசல் வழிந்து கீழே ஆயிலில் கலக்கிறது. நீர்த்த ஆயிலில் பேரிங் தேயும்.

"புத்தகத்துல பத்தாயிரம் கிலோமீட்டர்னு இருக்கட்டும், நீங்க ஐயாயிரத்துல மாத்திருங்கண்ணே. கோடு தாண்டுனா அதுக்கும் முன்னாடியே" என்றார் மெக்கானிக் தம்பி. மாற்றியாச்சு. கரி முழுதாக எரிய, இனி வாரம் ஒருமுறை ராமநாதபுரம் வரை நிறுத்தாமல் ஓட்டம். வீட்டம்மாவுக்குத்தான் சந்தோஷம், கடைவீதிக்குப் போகலாமாம்.